பயிற்சி டெக்கிலிருந்து ஃபெசிலிடேட்டர் கைடு: நோட்ஸில் எழுதுவதா, வேர்டிலா, எக்செல்லிலா?

பயிற்சிக்கான ஸ்லைடுத் தொகுப்பான டெக்கைத் தயாரித்தவரே பயிற்சியை நடத்தும்வரை, நடத்துபவருக்கு வழிகாட்டும் கைடு என்று தனியாக ஒன்று தேவைப்படுவதில்லை. எந்த ஸ்லைடில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும், ரோல் பிளேக்கு ஆட்களை எப்படிப் பிரிக்க வேண்டும், நேரம் போதாவிட்டால் எதை விடலாம் என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கும். அதே பயிற்சியை இனி கோவை, ஹைதராபாத் கிளைகளில் வேறு இருவர் நடத்துவார்கள் என்று முடிவானதும், "டெக்கை வெச்சு ஒரு ஃபெசிலிடேட்டர் கைடு போட்டுக் கொடுங்க" என்று மின்னஞ்சல் வருகிறது. அந்த வேலை கைக்கு வந்தவர்கள் முதலில் திணறுவது, இதை எங்கே எழுதுவது என்பதில்தான்.

வழிகள் மூன்று. பவர்பாயின்ட் ஸ்லைடுக்குக் கீழேயுள்ள நோட்ஸ் பகுதியிலேயே எழுதலாம். வேர்டில் தனி ஆவணமாக எழுதலாம். எக்செல்லில் ஒரு பக்க நேரத்தாளாகப் போடலாம். மூன்றுமே நடைமுறையில் இருக்கின்றன, ஆனால் ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்வோம். புதிதாக டீம் லீட் ஆனவர்களுக்கு, கீழே வேலை செய்பவர்களிடம் ஃபீட்பேக் சொல்லக் கற்றுத்தரும் அரைநாள் பயிற்சி. காலை 9:30 முதல் மதியம் 1:00 வரை, 18 பேர், 38 ஸ்லைடு. நடுநாயகமாக இருப்பது சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் பரப்பிய சூழல்–செயல்–விளைவு முறை. எப்போது, எங்கே நடந்தது என்று முதலில் சொல்வது. அவர் என்ன செய்தார் என்று கண்ணால் கண்டதை மட்டும் சொல்வது. அதனால் என்ன ஆனது என்று சொல்வது. 22-ஆம் ஸ்லைடில் பெரிய எழுத்தில் "ரோல் பிளே – 15 நிமிடம்" என்று மட்டும் இருக்கிறது. கைடு எழுதுபவரின் உண்மையான வேலை அந்த ஸ்லைடில்தான் இருக்கிறது.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி, யார் நடத்தப் போகிறார் என்பது. பல வருடம் ட்ரெய்னராக இருப்பவருக்கு நோக்கமும் நேரமும் தெரிந்தால் போதும். பயிற்சி நடத்திப் பழக்கமில்லாத மேனேஜர் ஒருவர் நடத்துவதாக இருந்தால், குழுப் பயிற்சிக்கான அறிவுறுத்தலை வாய்விட்டுப் படிக்கும்படி சொல்லுக்குச் சொல் எழுதித்தர வேண்டும்.

இரண்டாவது, பயிற்சி நடக்கும்போது கைடை எங்கிருந்து படிப்பார் என்பது. ஸ்லைடை விளக்கும்போது லேப்டாப் பக்கத்தில் நிற்பார். ரோல் பிளே நடக்கும்போது மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பார். திரையில் மட்டும் இருக்கும் குறிப்பு அப்போது அவருக்கு எட்டாது.

மூன்றாவது, தாமதமாகத் தொடங்கினால் என்ன ஆகும் என்பது. நேரக் கணக்கை உடனே திருத்தி, எதைக் குறைப்பது என்று முடிவெடுக்க வழி இருக்க வேண்டும்.

நான்காவது பராமரிப்பு. டெக்கில் இரண்டு ஸ்லைடு சேர்ந்தால் கைடில் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும்? இதை முதல் நாள் யாரும் யோசிப்பதில்லை. ஆறு மாதம் கழித்து, கைடில் ஒன்றும் டெக்கில் இன்னொன்றுமாக இருக்கும்போதுதான் கண்ணில் படும்.

## எந்த வழியானாலும் முதலில் செய்ய வேண்டியது

ஸ்லைடு வாரியாக எழுதத் தொடங்கினால் கைடு கெட்டுப்போகும். 3 முதல் 6 வரையுள்ள நான்கு ஸ்லைடுகள் மூன்று நிமிடத்தில் ஓடிவிடும். 22-ஆம் ஸ்லைடு முக்கால் மணி நேரம் திரையிலேயே நிற்கும். எனவே "மொத்த நிமிடத்தை ஸ்லைடு எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு ஸ்லைடுக்கு இவ்வளவு" என்ற கணக்கு இங்கே எடுபடாது. டெக்கை முதலில் பகுதிகளாக உடைக்க வேண்டும். பங்கேற்பாளர்கள் செய்யும் வேலை மாறும் இடமெல்லாம் ஒரு புதிய பகுதி. நம் 38 ஸ்லைடும் இடைவேளையோடு சேர்த்து ஒன்பது பகுதிகளாகின்றன.

அடுத்தது, டெக்கில் உள்ள நேரத்தை நம்பாமல் ஒவ்வொரு குழுப் பயிற்சியையும் கூட்டிப் பார்ப்பது. மூவர் குழுவில் ஒருவர் டீம் லீட், ஒருவர் ஊழியர், ஒருவர் பார்வையாளர். மூவருக்கும் டீம் லீடாகப் பேசும் வாய்ப்பு கிடைக்க வேண்டுமானால் மூன்று சுற்று ஓட வேண்டும். ஒரு சுற்றில் பேச 4 நிமிடம், பார்வையாளர் தான் பார்த்ததைச் சொல்ல 3, இடம் மாற 1, ஆக 8. மூன்று சுற்றுக்கு 24. அதற்கு முன் குழு பிரிக்க 3, விதிகளைச் சொல்லி அட்டை கொடுக்க 4, எல்லோர் முன்பும் ஒரு மாதிரி நடத்திக் காட்ட 5. பின்னால் கலந்துரையாட 12. மொத்தம் 48 நிமிடம்.

டெக் சொன்ன 15-க்கும் இந்த 48-க்கும் உள்ள இடைவெளி எங்கே போகிறது என்பதைப் பயிற்சி முடிந்த அறையில் பார்க்கலாம். முதல் சுற்றோடு நிறுத்திவிட்டு, "மத்தவங்க டீம்ல போய் ட்ரை பண்ணிப் பாருங்க" என்று அனுப்பியிருப்பார்கள். 18 பேரில் 12 பேர் டீம் லீடாக வாயே திறந்திருக்க மாட்டார்கள். கைடின் தரத்தை நிர்ணயிப்பது இந்தக் கூட்டல்தான். அது தப்பினால் எந்த மென்பொருளில் எழுதினாலும் பயனில்லை.

## முதல் வழி: பவர்பாயின்ட் நோட்ஸில் எழுதுவது

இதில் பெரிய வசதி, குறிப்பு ஸ்லைடை விட்டுப் பிரிவதில்லை. ஸ்லைடை முன்னும் பின்னும் நகர்த்தினாலும் வேறு டெக்கில் ஒட்டினாலும் நோட்ஸ் கூடவே போகும். எண் மாறுவது பற்றிய கவலை இல்லை. நடத்துபவர் தன் திரையில் மட்டும் தெரியும் பிரசென்டர் வியூவில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, அடுத்த ஸ்லைடு என்ன என்பதையும் பார்த்தபடி பேசலாம். வேலையும் குறைவு. டெக்கை நன்கு தெரிந்தவர் 38 ஸ்லைடுக்கும் ஒரே நாளில் எழுதிவிடலாம்.

நோட்ஸில் நன்றாக வேலை செய்யும் குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு, சூழல்–செயல்–விளைவு முறையை விளக்கும் 14-ஆம் ஸ்லைடை எடுத்துக்கொள்வோம்:

> முதலில் இடப்பக்க வாக்கியத்தை மட்டும் காட்டுங்கள்: "நீங்க கவனமே இல்லாம இருக்கீங்க."
> கேளுங்கள்: "இதைக் கேட்டவர் நாளைக்கு எதை மாத்திக்கணும்னு அவருக்குத் தெரியுமா?"
> இரண்டு பதில் வந்ததும் கிளிக். வலப்பக்கம் வரும்: "நேத்து பதினோரு மணி கிளையன்ட் கால்ல, மூணாவது பக்கத்தை விட்டுட்டு நாலாவதுக்குப் போயிட்டீங்க. அந்த நம்பரை கிளையன்ட் ரெண்டு தடவை கேட்க வேண்டியதாச்சு."
> மூன்று பகுதிகளையும் அவர்களையே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நான்கே குறிப்பு. எப்போது கிளிக் செய்வது என்பதும் இதில் இருக்கிறது. ஒரு ஸ்லைடுக்கு ஒரு விளக்கம், ஒரு கேள்வி என்று போகும் இடங்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

இதையே 22-ஆம் ஸ்லைடில் செய்து பார்த்தால் சிக்கல் புரியும். குழு பிரிப்பது, விதிகள், மாதிரி, மூன்று சுற்று, கலந்துரையாடல் என எல்லாம் ஒரே ஸ்லைடின் நோட்ஸில் சேர்ந்தால் பிரசென்டர் வியூவில் உருட்டி உருட்டித் தேட வேண்டியிருக்கும். நோட்ஸ் பகுதியில் அட்டவணை போட முடியாது. View > Notes Page காட்சியில் படம் சேர்க்கலாம்தான், ஆனால் அது அச்சில் வருமே தவிர பிரசென்டர் வியூவில் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நேரத்தில் அவர் லேப்டாப் பக்கமே இருக்க மாட்டார். நோட்ஸ் பக்கங்களை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்றால், பக்கத்துக்கு ஒரு ஸ்லைடு வீதம் குறைந்தது 38 தாள். அதில் 20 தாளில் இரண்டு வரிதான் இருக்கும்.

நேரத்தையும் நோட்ஸால் தாங்க முடியாது. "இந்த ஸ்லைடுக்கு 5 நிமிடம்" என்று ஒவ்வொன்றிலும் எழுதலாம், ஆனால் மொத்தம் எவ்வளவு, இப்போது எத்தனை நிமிடம் பின்தங்கியிருக்கிறோம் என்பது எங்கேயும் தெரியாது.

வெளியே தெரியாத செலவு ஒன்றும் உண்டு. பயிற்சி முடிந்ததும் "டெக்கை அனுப்புங்க சார்" என்று கேட்பார்கள். அப்படியே அனுப்பினால் "பின்வரிசையில் யாரும் பேசாவிட்டால் பெயர் சொல்லி அழையுங்கள்" போன்ற குறிப்புகளும் பங்கேற்பாளர் கைக்குப் போய்விடும். பி.டி.எஃப். ஆக்கி அனுப்பலாம். இல்லையென்றால் ஒரு பிரதி எடுத்து, File > Info > Check for Issues > Inspect Document போய், Presentation Notes-ஐ நீக்கிவிட்டு அனுப்ப வேண்டும். பிரதி எடுக்காமல் மூலக் கோப்பிலேயே நீக்கிவிட்டுச் சேமித்தால் ஒரு நாள் உழைப்பு போய்விடும். அறையில் திரைகள் இடம் மாறி, நோட்ஸ் புரொஜக்டரில் விழுவதும் நடக்கும். Display Settings-இல் Swap Presenter View and Slide Show அழுத்தினால் சரியாகும். தொடங்கும் முன்பே அதைச் சோதித்துவிடுவது நல்லது.

## இரண்டாவது வழி: வேர்டில் தனிக் கைடு

வேர்டில் எழுதும்போது ஸ்லைடு என்ற கட்டத்திலிருந்து விடுதலை கிடைக்கிறது. பகுதி வாரியாக எழுதலாம், ஒரு பகுதிக்கு ஒன்றரைப் பக்கம் தேவை என்றால் ஒன்றரைப் பக்கம் எழுதலாம். ஒவ்வொரு பகுதியின் தலையிலும் நோக்கம், பயன்படும் ஸ்லைடுகள், தேவைப்படும் பொருள்கள் என மூன்று வரி. அதன் கீழே அட்டவணை. ரோல் பிளே பகுதி இப்படி வரும்.

பகுதி 6: மூவர் ரோல் பிளே
நோக்கம்: ஒவ்வொருவரும் ஒரு முறையாவது சூழல்–செயல்–விளைவு முறையில் வாய்விட்டுப் பேசியிருக்க வேண்டும்.
ஸ்லைடுகள்: "ரோல் பிளே", "பார்வையாளர் கவனிக்க வேண்டியவை".
பொருள்கள்: சம்பவ அட்டை மூன்று வகை, குழுவுக்கு ஒரு செட், பார்வையாளர் தாள் 18, சத்தமாக ஒலிக்கும் டைமர்.

| நிமிடம் | செய்வது | சொல்வது | கவனிக்க |
|---|---|---|---|
| 3 | 1 முதல் 6 வரை எண்ணச் சொல்லி, ஒரே எண் வந்த மூவரைச் சேர்க்கவும் | "உங்க நம்பர் சொன்னவங்களோட போய் உட்காருங்க." | ஒருவர் கூடினால் ஒரு குழுவில் இரு பார்வையாளர் |
| 4 | குழுக்கள் உட்கார்ந்த பிறகே விதிகள், அட்டை கடைசியில் | "டீம் லீடா இருக்கிறவர் மட்டும் அட்டையைப் படிங்க. ஊழியருக்குக் காட்டாதீங்க. நாலு நிமிஷம். மணி அடிச்சதும் நிறுத்திடுங்க." | அட்டையை முதலில் கொடுத்தால் விதி யார் காதிலும் விழாது |
| 5 | ஒரு தன்னார்வலருடன் எல்லோர் முன்பும் மாதிரி | "நான் சொன்னதுல செயல் எது, என் கருத்து எது?" | மாதிரியில் ஒரு தவறு வேண்டுமென்றே செய்யவும் |
| 24 | மூன்று சுற்று, ஒவ்வொன்றும் 4 + 3 + 1 | "பார்வையாளர் மட்டும் பேசலாம். கேட்ட வார்த்தையை அப்படியே சொல்லுங்க." | இரண்டு நிமிடத்தில் பேசி முடித்த குழு விளைவைச் சொல்லாமல் விட்டிருக்கும் |
| 12 | பெரிய குழுவாகக் கலந்துரையாடல் | கீழேயுள்ள மூன்று கேள்விகள் | நாற்காலிகளைத் திருப்பிப் போடச் சொல்லவும் |

அட்டவணையில் "கவனிக்க" என்ற கடைசிப் பத்திதான் இந்த வடிவத்தின் பலம். எது தவறும், தவறினால் எப்படித் தெரியும் என்று எழுத அங்கேதான் இடம் இருக்கிறது. புதிதாக நடத்துபவருக்கு அனுபவசாலியிடமிருந்து கிடைக்க வேண்டியது அந்தப் பத்தியில் இருப்பது மட்டுமே. மற்றதை அவரே ஊகித்துக்கொள்வார்.

கலந்துரையாடல் கேள்விகளுக்கும் வேர்டில்தான் தாராளமாக இடம் கிடைக்கும். பல கைடுகளில் "கற்றது என்ன என்று கேட்கவும்" என்று ஒரு வரி இருக்கும். அப்படிக் கேட்டால் "நல்லா இருந்தது" என்ற பதில்தான் வரும். கேள்வியோடு வரக்கூடிய பதில், தொடர் கேள்வி, யாரும் பேசாவிட்டால் செய்வது ஆகியவற்றையும் எழுத வேண்டும். ஒன்றை முழுதாகப் பார்ப்போம்:

> கேள்வி 2: "ஊழியரா உட்கார்ந்தப்போ, எந்த வார்த்தையைக் கேட்டதும் பதில் சொல்லணும்னு தோணுச்சு?"
> வரக்கூடியது: "எப்பவுமே", "எத்தனை தடவை சொல்றது" போன்ற சொற்கள். ஃப்ளிப் சார்ட்டில் அதே வார்த்தையில் எழுதவும்.
> தொடர்: "அந்த வார்த்தைக்குப் பதிலா எந்தத் தேதியை, எந்தச் சம்பவத்தைச் சொல்லியிருக்கலாம்?"
> அமைதி நிலவினால்: பத்து நொடி காத்திருங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நிமிடம் பேசச் சொல்லிவிட்டு, இரண்டு ஜோடிகளிடம் மட்டும் கேளுங்கள்.
> அடுத்த பகுதிக்குப் பாலம்: "சொல்றதைப் பார்த்தோம். நமக்கே யாராவது இப்படிச் சொன்னா எப்படி வாங்கிக்கிறது?"

டெக் ஆங்கிலத்தில் இருந்தாலும், கேள்விகள் அறையில் எந்த மொழியில் கேட்கப்படுமோ அதே மொழியில் கைடில் இருக்க வேண்டும். தமிழில் பேசும் அறைக்கு ஆங்கிலக் கேள்வியைக் கொடுத்தால், நடத்துபவர் நின்ற இடத்தில் மொழிபெயர்ப்பார். அப்போது கூர்மையான கேள்வி "ஏதாவது ஃபீல் ஆச்சா?" என்று மழுங்கிவிடும். ஹைதராபாத் கிளைக்கு அந்தச் சில வரிகளை மட்டும் அங்கே நடத்துபவரே தெலுங்கில் எழுதிக்கொள்ளட்டும்; ஆவணம் முழுவதையும் மாற்றத் தேவையில்லை.

இனி செலவு. இப்படி எழுத, அரைநாள் பயிற்சிக்கே மூன்று நான்கு நாள் பிடிக்கும். அது கண்ணுக்குத் தெரிந்த செலவு. தெரியாதது, டெக்கும் கைடும் பிரிந்து போவது. டெக்கில் ஒரு ஸ்லைடை நடுவில் நுழைத்தால், கைடில் அதற்குப் பின் வரும் எண்கள் எல்லாம் தவறாகும். மேலே ஸ்லைடை எண்ணால் குறிக்காமல் தலைப்பால் குறித்ததற்குக் காரணம் இதுதான். தலைப்பு அவ்வளவு சீக்கிரம் மாறாது. இரண்டு ஸ்லைடுக்கு ஒரே தலைப்பு இருந்தால், டெக்கையே திருத்திவிட வேண்டும்.

File > Export > Create Handouts வழியாக டெக்கை வேர்டுக்கு அனுப்பி, ஸ்லைடு படத்துக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போகலாமே என்று தோன்றும். பார்க்க அழகாக வரும். ஆனால் கோப்பு பருத்து மின்னஞ்சலில் போகாத அளவுக்கு ஆகிவிடும். Paste link தேர்ந்தெடுத்தால், டெக்கை வேறு ஃபோல்டருக்கு மாற்றியதும் இணைப்பு அறுந்துவிடும். அதைவிடக் கேடு, எழுதுபவரை அது மறுபடி ஸ்லைடு வாரியாகவே யோசிக்க வைத்துவிடும். பகுதிக்கு ஒரு ஸ்லைடின் சிறிய படம் போதும்.

இன்னொரு செலவு, அளவுக்கு மீறி எழுதுவது. எல்லாவற்றையும் வசனமாக எழுதினால், நடத்துபவர் தாளைப் பார்த்து வாசிக்கத் தொடங்குவார். அறை அவர் கையை விட்டுப் போய்விடும். சொல்லுக்குச் சொல் எழுத வேண்டியவை மூன்றுதான்: குழுப் பயிற்சிக்கான அறிவுறுத்தல், கலந்துரையாடல் கேள்வி, அடுத்த பகுதிக்கான பால வாக்கியம். மற்ற இடங்களில் சொல்ல வேண்டிய கருத்தைக் குறித்தால் போதும்.

அச்சடிக்கும் முன் ஒரு சிறு வேலை. அட்டவணையின் வரிசை பக்கத்தின் அடியில் பாதியாக வெட்டுப்பட்டால், நடத்துபவர் பாதி விதியைச் சொல்லிவிட்டுத் தாளைப் புரட்டுவார். Table Properties > Row போய் Allow row to break across pages என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

## மூன்றாவது வழி: எக்செல் நேரத்தாள்

நேரத்தாள் ஒரே பக்கம். ஒரு பகுதிக்கு ஒரு வரி. முதல் பத்தியில் பகுதியின் பெயர், இரண்டாவதில் நிமிடம், மூன்றாவதில் தொடங்கும் நேரம், நான்காவதில் குறைந்தபட்ச நிமிடம். C2 கட்டத்தில் 9:30 என்று அடித்துவிட்டு, C3-இல் இதை எழுதிக் கீழே இழுத்தால் போதும்:

```
=C2+TIME(0,B2,0)
```

| பகுதி | நிமிடம் | தொடக்கம் | குறைந்தபட்சம் |
|---|---|---|---|
| அறிமுகம் | 15 | 9:30 | 10 |
| ஏன் சொல்லாமல் விடுகிறோம்: கலந்துரையாடல் | 25 | 9:45 | 15 |
| சூழல்–செயல்–விளைவு விளக்கம் | 20 | 10:10 | 20 |
| வாக்கியத்தைத் திருத்தும் பயிற்சி | 25 | 10:30 | 20 |
| இடைவேளை | 15 | 10:55 | 15 |
| மூவர் ரோல் பிளே | 48 | 11:10 | 48 |
| ஃபீட்பேக்கை வாங்கிக்கொள்வது | 20 | 11:58 | 10 |
| தன் டீமுக்கான திட்டம் எழுதுவது | 15 | 12:18 | 10 |
| நிறைவு | 10 | 12:33 | 5 |
| முடிவு | | 12:43 | |

193 நிமிடம், கைவசம் 17 நிமிடம் மிச்சம். இதை எந்தப் பகுதியிலும் சேர்த்து எழுதக் கூடாது. எழுதினால் அந்தப் பகுதியே அதைத் தின்றுவிடும். 9:42-க்குத் தொடங்க நேர்ந்தால் C2-இல் 9:42 என்று மாற்றுங்கள். 12:55-க்கு முடியும், எதையும் தொட வேண்டாம். 9:55-க்குத் தொடங்கினால் 1:08 ஆகிவிடும். அப்போது நான்காவது பத்தியைப் பார்த்து முதல் கலந்துரையாடலை 25-லிருந்து 15 ஆக்கினால் 12:58. ரோல் பிளேயின் 48-க்கும் 48 என்றே போட்டிருப்பதைக் கவனியுங்கள். தாமதமான நாளில் எல்லோருக்கும் முதலில் கை போவது அங்கேதான். அதைத் தொடக் கூடாது என்பதை நடத்துபவர் அந்த நிமிடத்தில் யோசித்து முடிவெடுக்க வேண்டியிருக்கக் கூடாது, தாளே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு பேர் சேர்ந்து நடத்தும்போது "யார்" என்று ஒரு பத்தி கூட்டினால், நேரத்தாள் இன்னும் உபயோகப்படும். தேநீர் கொண்டுவருபவருக்கு 10:55 என்று சொல்லவும் இந்தத் தாளே உதவும். எழுத அரை நாள் ஆகும்.

குறைபாடு வெளிப்படையானது. "மூவர் ரோல் பிளே, 48" என்ற வரியை வைத்து, அதைப் பார்த்திராத ஒருவரால் எதையும் நடத்த முடியாது. கேள்விகளுக்கும் எச்சரிக்கைக்கும் இடமில்லை. கட்டத்துக்குள் திணிக்க முயன்றால் தாள் ஒரு பக்கத்தைத் தாண்டிவிடும். தாண்டியபின் அது நேரத்தாள் அல்ல, படிக்கச் சிரமமான வேர்டு கைடு.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| | நோட்ஸ் | வேர்டு | எக்செல் |
|---|---|---|---|
| எழுத ஆகும் நேரம் | ஒரு நாள் | மூன்று நான்கு நாள் | அரை நாள் |
| புதியவர் நடத்த முடியுமா | விளக்கப் பகுதிகளை மட்டும் | முடியும் | முடியாது |
| நடந்துகொண்டே படிக்க | முடியாது | அந்தப் பகுதியின் தாளை எடுத்துக்கொண்டால் முடியும் | முடியும் |
| தாமதத்தைச் சமாளிக்க | உதவாது | கையால் கணக்குப் போட வேண்டும் | உடனே தெரியும் |
| டெக் மாறினால் | தானே கூட வரும் | திருத்த வேண்டும் | பெரும்பாலும் தொட வேண்டாம் |
| முக்கிய ஆபத்து | பங்கேற்பாளர் கைக்குப் போவது | பழைய பதிப்பு புழங்குவது | விவரமின்மை |

## எந்தச் சூழ்நிலைக்கு எது

டெக்கை எழுதியவரே அடுத்த ஆறு மாதமும் நடத்தப் போகிறார், டெக்கும் மாதாமாதம் மாறுகிறது என்றால் வேர்டு கைடு வீண் செலவு. நோட்ஸும் நேரத்தாளும் போதும்.

அனுபவமுள்ள ட்ரெய்னர் ஒருவர் ஒரே ஒரு தடவை மாற்றாக நடத்தப் போகிறார் என்றால், நேரத்தாளைக் கொடுத்துவிட்டு, ரோல் பிளே பகுதியை மட்டும் வேர்டில் ஒன்றரைப் பக்கமாக எழுதிக் கொடுங்கள். அவருக்கு அறை கையாளத் தெரியும், தெரியாதது உங்கள் குழுப் பயிற்சியின் உள்விவரம்தான்.

பல கிளைகளில் பலர் நடத்துவார்கள், அவர்களில் சிலர் ட்ரெய்னர்களே அல்ல என்றால் வேர்டு கைடைத் தவிர்க்க முடியாது. இந்தச் சூழ்நிலையில் நோட்ஸை மட்டும் நம்பிக் கொடுப்பதுதான் நான் பார்க்கும் மிகப் பொதுவான தவறான தேர்வு. விளக்கப் பகுதிகள் எல்லாக் கிளையிலும் ஒரே மாதிரி நடக்கும். குழுப் பயிற்சி மட்டும் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு விதமாகச் சுருங்கும்.

மூன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாமா என்றால் தாராளமாக, ஒரு நிபந்தனையோடு: ஒரு தகவல் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும். எந்தப் பகுதி எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பது எக்செல்லில் மட்டும். குழுப் பயிற்சியின் உள் நிமிடங்கள், அறிவுறுத்தல், கேள்விகள் வேர்டில் மட்டும். எப்போது கிளிக் செய்வது, ஸ்லைடில் உள்ள உதாரணத்தை எப்படி விளக்குவது என்பது நோட்ஸில் மட்டும். 22-ஆம் ஸ்லைடின் நோட்ஸில் "பகுதி 6 தாளை எடுத்துக்கொள்ளவும்" என்ற ஒரு வரிக்கு மேல் தேவையில்லை. இடைவேளை 10:55 என்று வேர்டிலும் எழுதிவைத்தால், நேரம் மாறும் முதல் நாளிலேயே இரண்டில் எதை நம்புவது என்ற குழப்பம் வரும். மூன்று கோப்புகளின் பெயரிலும் ஒரே பதிப்பு எண்ணைப் போடுங்கள், வேர்டு கைடின் அடிக்குறிப்பிலும் அதே எண் வரட்டும். கோவையில் பழைய தாளை வைத்து நடத்துகிறார்களா என்று தொலைபேசியில் கேட்டே கண்டுபிடித்துவிடலாம்.

அனுப்புவதற்கு முன், இந்த டெக்கைப் பார்த்தே இராத ஒரு சக ஊழியரிடம் பகுதி 6-ஐ மட்டும் கொடுத்து, ஆறு பேரை உட்கார வைத்து ஒரு சுற்று நடத்தச் சொல்லுங்கள். எழுதியவர் அறையில் இருக்கலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது. நடத்துபவர் தாளிலிருந்து தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், தாளில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்தக் கோடுகள் இரண்டு இடத்தில் குவியும்: அட்டையை யாருக்குக் கொடுப்பது என்பதிலும், பார்வையாளர் எப்போது பேசலாம் என்பதிலும். அங்கே இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்துவிட்டுக் கோப்பை அனுப்புங்கள்.